மலர் என்றொரு குரல்: பாட்காஸ்ட் தொகுப்பாளருக்குப் புனைபெயர் அமைத்தல்



பாட்காஸ்ட் நடத்துபவர் தமக்கு ஒரு புனைபெயர் வைக்கும்போது, அந்தப் பெயர் ஒரே நேரத்தில் மூன்று வேலைகளைச் செய்ய வேண்டியிருக்கிறது. பேசுபவரை மறைக்க வேண்டும். கேட்பவரை நெருங்கி வரச் செய்ய வேண்டும். அடுத்த முறை தேடும்போது கையில் கிடைக்கவும் வேண்டும். இந்த மூன்றையும் செய்யும் பெயரை எப்படி அமைப்பது என்பதே இன்றைய பொருள்.

மூன்றும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்பதுதான் இதிலுள்ள சிக்கல். மறைப்பதற்கு ஏற்றது ஊரெல்லாம் வழங்கும் பெயர். ஆயிரம் பேருக்கு இருக்கும் பெயரில் ஒருவர் ஒளிந்துகொள்ளலாம். தேடுவதற்கு ஏற்றதோ யாருக்கும் இல்லாத பெயர். ஆயிரம் பேருக்கு இருக்கும் பெயரைத் தேடினால் ஆயிரம் பேரும் வந்து நிற்பார்கள். ஊரெல்லாம் வழங்கும் பெயரா, ஒருவருக்கும் இல்லாத பெயரா? இந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கு முன், மறைதல் என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

யாரிடமிருந்து மறைவது? முதல் கேள்வி இதுதான். உளவுத்துறையும் கணினிக் கொந்தர்களும் பலருடைய நினைவுக்கு முதலில் வருவார்கள். நடைமுறையில் ஒரு பாட்காஸ்டின் பின்னால் இருப்பவரைக் கண்டுபிடிப்பவர்கள் பெரும்பாலும் அருகில் இருப்பவர்களே. பக்கத்து நாற்காலியில் இருக்கும் சக ஊழியர், மேலதிகாரி, ஒன்றுவிட்ட தம்பி, பள்ளியில் கூடப் படித்தவர். இவர்களுக்குக் கணினி அறிவு தேவையில்லை. துண்டு துண்டாகக் கிடைக்கும் சிறு விவரங்களைச் சேர்த்துப் பார்த்தாலே போதும்.

அப்படிச் சேர்த்துப் பார்ப்பதன் வலிமையை லட்டான்யா ஸ்வீனி என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர் 2000-ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினார். அஞ்சல் குறியீட்டு எண், பாலினம், பிறந்த தேதி ஆகிய மூன்றும் தெரிந்தால், அமெரிக்க மக்களில் ஏறத்தாழ 87 விழுக்காட்டினரைத் தனித்துக் காட்டிவிடலாம் என்பது அவருடைய மதிப்பீடு. தனியே பார்த்தால் மூன்றும் சாதாரண விவரங்கள். மூன்றும் கூடும்போது ஆள் சிக்கிக்கொள்கிறார். ஒவ்வொரு துப்பும் கூட்டத்தைப் பாதியாகக் குறைக்கும் என்று வைத்துக்கொண்டால், 33 துப்புகளில் உலக மக்கள் அனைவரிலிருந்தும் ஒரே ஒருவரிடம் வந்து சேர்ந்துவிடலாம். ஆகவே நல்ல புனைபெயருக்கு முதல் இலக்கணம், அது எந்தத் துப்பையும் தன்னோடு கொண்டு வரக்கூடாது என்பது.

தமிழ்ப் பெயர்களில் துப்புகள் நிறைய உண்டு. இசக்கி, சுடலை என்னும் பெயர்களைக் கேட்டவுடன் தமிழர் நினைவு தெற்கே நெல்லைக்கும் குமரிக்கும் போகும். அந்தோணி என்றால் சமயம் தெரிந்துவிடும். தமிழ்ச்செல்வன் என்றால் ஒரு தலைமுறையின் மொழிப்பற்றும் அரசியல் காற்றும் கூடவே வரும். முன்னெழுத்து சேர்த்தால் தந்தையின் பெயரின் முதலெழுத்து வெளியே வந்துவிடும். வெறும் ஓரெழுத்துதானே என்று தோன்றலாம். ஆனால் ஐயத்துக்குரிய ஐந்து பேரில் யார் என்று பார்ப்பவருக்கு அந்த ஓரெழுத்தே போதும்.

துப்பு கொண்டுவரும் பெயர்களைத்தான் மனம் முதலில் தேர்ந்தெடுக்கிறது என்பது இன்னொரு தொல்லை. புனைபெயர் வேண்டும் என்று உட்கார்ந்தவுடன் நினைவுக்கு வருவது எது? வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர். பாட்டியின் பெயர். மகளின் பெயர். குலதெய்வம். சொந்தப் பெயரின் எழுத்துகளை முன்பின்னாக மாற்றியது. எல்லாமே இனியவை, எல்லாமே உறவினர் ஒரே நொடியில் கண்டுபிடிக்கக்கூடியவை.

எழுத்துலகில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. எஸ். ரங்கராஜன் எழுத வந்தபோது, ரா. கி. ரங்கராஜன் என்னும் எழுத்தாளர் ஏற்கெனவே குமுதத்தில் இருந்தார். குழப்பத்தைத் தவிர்க்க, எஸ். ரங்கராஜன் தம் மனைவியின் பெயரான சுஜாதாவைத் தம் பெயராக்கிக்கொண்டார். பெயரை வேறுபடுத்திக் காட்டுவதே அவருடைய தேவை, ஒளிந்துகொள்வது அன்று. அதனால் அந்தத் தேர்வு மிகப் பொருத்தமாக அமைந்தது. ஒளிய வேண்டியவர் அதையே செய்தால்? குடும்பத்தை அறிந்த எவரும் முதல் நாளே அடையாளம் கண்டுகொள்வார்.

ஜே. கே. ரவுலிங் 2013-இல் ராபர்ட் கால்பிரெய்த் என்னும் பெயரில் ஒரு துப்பறியும் நாவல் வெளியிட்டார். ராபர்ட் என்பது தமக்குப் பிடித்த தலைவரான ராபர்ட் கென்னடியின் பெயர் என்றும், 'எல்லா கால்பிரெய்த்' என்று அழைக்கப்பட வேண்டும் என்பது தம் சிறுவயது ஆசை என்றும் அவரே பின்னர் விளக்கினார். முழுக்க முழுக்க அயலான பெயராகத் தோன்றியதற்குள்ளும் அவருடைய இளமைக்காலம் ஒளிந்திருந்தது. ஆனாலும் இரகசியம் உடைந்தது அந்த வழியாக அன்று. அவருடைய வழக்கறிஞர் ஒருவர் மனைவியின் தோழியிடம் சொன்ன சொல், செய்தித்தாள் வரை போய்ச் சேர்ந்தது. பெயர் காத்தது, மனிதர்கள் காக்கவில்லை. உண்மை தெரிந்தவர்களின் எண்ணிக்கையைக் குறைவாக வைத்திருப்பதும் பெயர் வைக்கும் வேலையில் ஒரு பகுதிதான்.

மறைவது பற்றி இவ்வளவு. இனி நெருக்கத்துக்கு வருவோம். ஒரு பெயரைக் கேட்டவுடன் நம்பத் தோன்றுவது எதனால்?

முதல் காரணம் எளிமை. எரின் நியூமன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2014-இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். ஒரு பொதுச் செய்தி, அதன் அருகே சொன்னவர் பெயர். இதுதான் பங்கேற்றவர்களுக்குக் காட்டப்பட்டது. சில பெயர்கள் உச்சரிக்க எளியவை, சில கடினமானவை. எளிதில் உச்சரிக்கக்கூடிய பெயருடையவர் சொன்னதாகக் காட்டப்பட்ட செய்தியையே மக்கள் கூடுதலாக உண்மை என்று நம்பினார்கள். பெயருக்கும் செய்திக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நாக்கு தடுமாறாத பெயர் மனத்தையும் தடுமாறவிடுவதில்லை, அவ்வளவுதான். காதால் மட்டுமே கேட்கப்படும் ஓர் ஊடகத்தில் இது மேலும் முக்கியம். மூன்று நான்கு எழுத்துகள், மெல்லினமும் இடையினமும் கலந்த ஓசை, ஒருமுறை கேட்டால் திருப்பிச் சொல்ல முடிகிற வடிவம் இருந்தால் போதும்.

இரண்டாவது காரணம் உறவுச் சொல். சென்னை வானொலியின் சிறுவர் நிகழ்ச்சியை நடத்தியவரைப் பிள்ளைகள் 'வானொலி அண்ணா' என்றே அறிந்திருந்தார்கள். அந்தப் பெயரில் ஆளின் அடையாளம் எதுவும் இல்லை. ஆனால் அண்ணா என்ற சொல்லில் குழந்தைகளுக்கு வேண்டிய அத்தனை நெருக்கமும் இருந்தது. மறைப்பும் அன்பும் ஒரே பெயரில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

உறவுச் சொல்லுக்கு ஓர் எல்லையும் உண்டு. சிறுவர்களிடம் 'நான் உங்கள் அண்ணா' என்று சொல்லிக்கொள்ளலாம். அறுபது வயதுக்காரரிடம் முப்பது வயதுக்காரர் 'நான் உங்கள் அக்கா' என்றால் உறுத்தும். பெரியவர்களுக்கான நிகழ்ச்சியில் உறவுச் சொல்லைத் தொகுப்பாளர் தாமே சூட்டிக்கொள்ளாமல் கேட்பவர்களிடம் விட்டுவிடுவது நலம். வேண்டியவர்கள் தாமே சேர்த்துக்கொள்வார்கள்.

மூன்றாவது காரணம், பெயர் தொடும் நினைவுகள். அமெரிக்காவில் பாலின் பிலிப்ஸ் 1956-இல் சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்றில் வாசகர்களுக்கு ஆலோசனை சொல்லும் பத்தியைத் தொடங்கியபோது அபிகெயில் வான் ப்யூரன் என்ற பெயரைக் கட்டினார். அபிகெயில் பைபிளில் தாவீதுக்கு நல்லறிவு சொன்ன பெண். வான் ப்யூரன் பழைய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒருவரின் குடும்பப் பெயர். முதல் பாதியில் அறிவுரை, இரண்டாம் பாதியில் மதிப்பு. இரண்டும் சுருங்கி 'அபி' என்று வழங்கியபோது நெருக்கமும் வந்துவிட்டது. அந்தப் பெயரின் உரிமையையும் அவர் தம்மிடமே வைத்துக்கொண்டார். அதன் முக்கியத்துவம் இன்னொரு பெயரின் கதையில் தெரியும். அவருடைய இரட்டைச் சகோதரி எழுதிய ஆன் லேண்டர்ஸ் பத்தியின் பெயர், 1943-இல் வேறொருவர் எழுதத் தொடங்கியபோது உருவானது. அந்த முதல் எழுத்தாளர் இறந்தபின் பத்திரிகை அதே பெயரை இந்தச் சகோதரிக்குத் தந்தது. நிறுவனத்துக்காக நிகழ்ச்சி நடத்துபவர் ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டிய இடம் இது: புனைபெயர் யாருக்குச் சொந்தம்?

இனி ஒரு பெயரை முழுக்க அமைத்துப் பார்க்கலாம்.

தென் மாவட்டம் ஒன்றில் தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு செவிலியர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் படுக்கையாகக் கிடக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினருக்காக ஒரு பாட்காஸ்ட் தொடங்க விரும்புகிறார். படுக்கைப் புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, கஞ்சி எப்படிப் புகட்டுவது, இரவில் யார் முறை வைத்து விழிப்பது போன்றவை பேசப்படும். மருத்துவமனைக்குத் தெரியக்கூடாது, உறவினருக்கும் தெரியக்கூடாது. ஆனால் அவர் செவிலியர் என்பது தெரிந்தால்தான் கேட்பவர்கள் நம்புவார்கள்.

அவர் முதலில் ஒரு தள்ளுபடிப் பட்டியல் எழுத வேண்டும். சொந்தப் பெயர், அதன் எழுத்துகள், வீட்டுப் பெயர், பெற்றோர், கணவர், பிள்ளைகள் பெயர்கள், ஊர், தெரு, குலதெய்வம், படித்த கல்லூரி, மின்னஞ்சலிலும் இன்ஸ்டாகிராமிலும் பயன்படுத்திய பெயர்கள் எல்லாம் அதில் வரும். இவற்றில் எதுவும் புனைபெயருக்குள் வரக்கூடாது. பட்டியலை எழுதி முடித்தபின் கிழித்துப் போட்டுவிடுவதும் நல்லது.

அடுத்து, கையில் மிஞ்சிய பெயர்கள். எழில் என்பது முதல் பெயர். கேட்க அழகு. ஆனால் பலருடைய வாயில் அது 'எளில்' ஆகிவிடும். கைப்பேசியில் தேடுபவர் ஆங்கில எழுத்தில் Ezhil என்பாரா, Elil என்பாரா, Ezil என்பாரா? ழகரம் உள்ள பெயர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் சறுக்கும். வானதி அடுத்த பெயர். இனிமையானது, பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கு நெருக்கமானது. ஆனால் அந்தப் பெயரில் அறியப்பட்ட அரசியல்வாதி இருக்கிறார். தேடினால் அவரே முன்னால் நிற்பார். தாமரை என்றால் புகழ்பெற்ற பாடலாசிரியர். நைட்டிங்கேல் என்றால் தொழில் தெரியும், ஆனால் பாடப்புத்தகத்திலிருந்து எழுந்து வந்தவர் போல விலகி நிற்கும். கவிதா செல்வராஜ் என்பது போல முழுப் பெயர் ஒன்றைக் கற்பனையாகக் கட்டினால், உண்மையிலேயே அந்தப் பெயருடைய செவிலியர் எங்கோ ஒருவர் இருக்கக்கூடும். பழி வந்தால் அவர் மேல் விழும்.

மலர் என்னும் பெயர் மிஞ்சுகிறது. மூன்றே எழுத்து. தடுமாற்றம் இல்லை. ஆங்கில எழுத்தில் பெரும்பாலும் Malar என்றே எழுதப்படும். வட்டாரத்தையோ சாதியையோ சட்டென்று காட்டாது. ஐம்பது வயதுப் பெண்ணுக்கும் இருக்கும், இருபது வயதுப் பெண்ணுக்கும் இருக்கும். ஊரெல்லாம் வழங்குவதால் ஒளிந்துகொள்ளவும் ஏற்றது.

ஆனால் தேடினால் கிடைக்குமா? கிடைக்காது. மலர் என்று தேடினால் நாளிதழ் வரும், திரைப்படப் பாத்திரம் வரும், பூக்கடையும் வரும். தொடக்கத்தில் எழுந்த முரண் இங்கே நேருக்கு நேர் நிற்கிறது. இதற்கான தீர்வு ஒரே பெயரிடம் எல்லா வேலையையும் கேட்காமல் இருப்பது. மறைப்பும் நெருக்கமும் தொகுப்பாளர் பெயரின் வேலை. தேடிக் கிடைப்பது நிகழ்ச்சிப் பெயரின் வேலை. தொகுப்பாளர் பெயர் சாதாரணமாக இருக்கட்டும்; நிகழ்ச்சிப் பெயர் தனித்து நிற்கட்டும்.

ஆகவே நிகழ்ச்சிக்கு 'வீட்டு வார்டு' என்று பெயர் வைக்கலாம். மருத்துவமனைச் சொல்லும் வீடும் சேர்ந்திருப்பதால் பொருள் உடனே புரியும், காதில் நிற்கும். முதல் வரி இப்படி வரும்: 'வணக்கம், இது வீட்டு வார்டு, பேசுவது மலர்.' தெரிந்தவரிடம் தொலைபேசியில் பேசுவது போன்ற ஒலி இதில் இருக்கிறது. 'சிஸ்டர்' என்ற சொல்லைத் தனியே சேர்க்க வேண்டியதில்லை. வார்டு என்பதே அந்தக் குறிப்பைத் தந்துவிடுகிறது.

முடிவு செய்வதற்கு முன் மூன்று சோதனைகள் தேவை. முதலாவது, அந்த முதல் வரியைப் பதிவு செய்து, மலிவான இயர்போனில், பேருந்து இரைச்சலில் கேட்டுப் பார்ப்பது. பெயர் தெளிவாக விழ வேண்டும். இரண்டாவது, நிகழ்ச்சியைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் பதிவை ஒருமுறை போட்டுக் காட்டி, கேட்ட பெயரைக் கைப்பேசியில் தட்டச்சு செய்யச் சொல்வது. குரலை அறியாதவரிடம்தான் இதைச் செய்ய வேண்டும். இல்லையென்றால் சோதனையே இரகசியத்தை உடைத்துவிடும். மூன்றாவது, தமிழிலும் ஆங்கில எழுத்திலும் அதன் பல வடிவங்களைத் தேடுபொறியிலும் பாட்காஸ்ட் செயலிகளிலும் தேடி, ஏற்கெனவே வேறு நிகழ்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது.

பெயர் அமைந்துவிட்டது. வேலை முடிந்ததா? இல்லை. புனைபெயர் நன்றாக இருந்தும் உண்மைப் பெயர் வெளியே வருவது பெரும்பாலும் பின்வாசல் வழியாகத்தான்.

முதல் பின்வாசல் ஆர்எஸ்எஸ் ஓடை. பாட்காஸ்ட் செயலிகள் நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வது இந்தக் கோப்பிலிருந்துதான். செயலியின் திரையில் தெரியாத விவரங்களும் இந்தக் கோப்பில் இருக்கலாம். முகவரி தெரிந்த எவரும் அதைத் திறந்து படிக்கலாம். அதில் கவனிக்க வேண்டிய பகுதி இவ்வாறு அமையும்:

```
<itunes:author>Malar</itunes:author>
<itunes:owner>
  <itunes:name>Veettu Ward</itunes:name>
  <itunes:email>veettuward@example.com</itunes:email>
</itunes:owner>
```

முதல் வரியில் புனைபெயரை எழுதிவிட்டு, உரிமையாளர் பகுதியில் சொந்தப் பெயரையும் பழைய மின்னஞ்சலையும் விட்டுவிடுவது எளிதில் நேரும் தவறு. நிகழ்ச்சிக்கென்றே புதிய மின்னஞ்சல் தொடங்கி, அனுப்புநர் பெயராகவும் புனைபெயரையே வைக்க வேண்டும். ஒலிக்கோப்புக்கும் இதே கவனம் வேண்டும். எம்பி3 கோப்பின் உள்ளே கலைஞர் பெயர் எழுதும் இடம் உண்டு. தொகுப்பு மென்பொருள் முன்பு கொடுத்த பெயரை நினைவில் வைத்துத் தானே நிரப்பிவிடலாம்.

இரண்டாவது பின்வாசல் பணம். இத்தாலிய எழுத்தாளர் எலெனா ஃபெரான்டே 1992 முதல் அடையாளம் காட்டாமலே எழுதி வந்தவர். 2016-இல் ஒரு பத்திரிகையாளர் அவரைத் தேடிப் போனது பதிப்பகம் கொடுத்த பணமும் சொத்துப் பதிவுகளும் காட்டிய பாதையில். நம் நாட்டில் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நேயர்கள் ஆதரவுத் தொகை அனுப்ப யுபிஐ முகவரியைக் கொடுத்தால், அனுப்புபவரின் திரையில் வங்கிக் கணக்கில் உள்ள பெயர் அப்படியே வந்து நிற்கும். அந்த முகவரி கைப்பேசி எண்ணாகவே இருந்தால், எண்ணும் போய்ச் சேர்ந்துவிடும். அந்த எண்ணைப் பிறர் என்ன பெயரில் சேமித்திருக்கிறார்கள் என்பதைச் சில செயலிகள் சொல்லிவிடும். ஆகவே பெயரைக் காக்க விரும்பும் மலர், தம் சொந்தக் கணக்கின் யுபிஐ மூலம் நன்கொடை வாங்கக்கூடாது.

மூன்றாவது பின்வாசல் பேச்சு. விருந்தினராக வருபவர் பழக்கத்தில் உண்மைப் பெயரைச் சொல்லிவிடுவார். அதனால் பதிவு தொடங்குவதற்கு முன்பே அவர் மலர் என்று கூப்பிட்டுப் பழக வேண்டும். 'நேற்று எங்கள் வார்டில்' என்று தொடங்கும் கதைகள் நாளையும் இடத்தையும் நோயாளியையும் ஒருசேரக் காட்டும். நாளை மாற்றி, இடத்தை நீக்கிச் சொல்ல வேண்டும். நோயாளியின் அடையாளத்தைக் காக்கும் கடமை செவிலியருக்குப் புனைபெயரிலும் அப்படியே தொடர்கிறது.

குரலைப் பெயர் மறைக்காது. இதுவே இந்த முறையின் எல்லை. புனைபெயர் அந்நியரிடமிருந்தும் தேடுபொறியிடமிருந்தும் காக்கும்; தினமும் கூடப் பேசுபவர் கேட்டால் குரலே சொல்லிவிடும். கருவியால் குரலை மாற்றினால் நெருக்கம் முதலில் போய்விடும். மாற்றியதைத் திருப்பிப் பெறவும் சில வேளை முடியும். வெளிப்பட்டால் வேலை போகும், உயிருக்கு ஆபத்து என்னும் நிலையில் இருப்பவர் எழுதிக் கொடுத்து வேறொருவரைப் பேசச் செய்வதே பாதுகாப்பு.

எஞ்சுவது நம்பகம். பெயரை மறைப்பவரை எப்படி நம்புவது என்று நேயர் கேட்க மாட்டாரா? கேட்பார். அதற்கு முதல் நிகழ்ச்சியிலேயே விடை சொல்லிவிட வேண்டும்: 'மலர் என்பது இந்த நிகழ்ச்சிக்காக வைத்துக்கொண்ட பெயர். செவிலியர் வேலை உண்மை.' இந்த இரண்டு வாக்கியம் போதும். எத்தனை ஆண்டு, எந்த மருத்துவமனை என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சொல்லும் எதுவும் பொய்யாக இருக்கக்கூடாது. பெயரைப் புனையலாம், தகுதியைப் புனையக்கூடாது. செவிலியர் டாக்டர் மலர் ஆகக்கூடாது. இல்லாத கணவரும் இல்லாத குழந்தைகளும் கதைக்குள் வரக்கூடாது. அவை ஒருநாள் ஒன்றுக்கொன்று முரண்படும். முரண்பட்ட அன்று, படுக்கைப் புண்ணைப் பற்றிச் சொன்ன சரியான செய்தியும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

ஒருவேளை அடையாளம் வெளிப்பட்டுவிட்டால், இந்த ஒழுங்கே அவரைக் காப்பாற்றும். மறைத்தது பெயரை மட்டும்தான், சொன்ன செய்தியில் பொய் இல்லை என்று நேயர்கள் சரிபார்த்துக்கொள்ள முடியும். அப்போதும் நிகழ்ச்சியை மலர் என்ற அதே பெயரிலேயே தொடரலாம். சுஜாதா யார் என்று எல்லாருக்கும் தெரிந்த பிறகும் ரங்கராஜன் சுஜாதாவாகவே எழுதினார்.